புதுப்பிப்பு: மொத்த லாபத்தில் 9 விழுக்காடும் ஜிஎஸ்டி பாக்கியும்

நான் முன்பு கேட்டது: “தேக்காவில் மளிகைக் கடை. காலாண்டு மொத்த லாபம் 30,000 வெள்ளி. அதற்கு 9 விழுக்காடு 2,700. ஆனால் கணக்கேடு 1,800 தான் காட்டுகிறது, ஏன்?”

கணக்காளர் அக்கா ஒருவர் ஏட்டைப் பார்த்து விடையைக் கண்டார். விற்பனை 60,000, வாங்கியவர்களிடம் வசூலித்த வெளியீட்டு வரி 5,400 வரவுப் பக்கம் நிற்கிறது. கொள்முதல் 40,000, அதற்குக் கொடுத்த உள்ளீட்டு வரி 3,600 பற்றுப் பக்கம். இரண்டையும் ஜிஎஸ்டி கட்டுப்பாட்டுக் கணக்குக்கு மாற்றினால் மிஞ்சும் வரவு இருப்பான 1,800 தான் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கான பாக்கி; படிவம் ‘F5’-இல் 8ஆம் கட்டத்தில் வருவதும் அதுவே. விற்காமல் கிடங்கில் இருக்கும் 10,000 வெள்ளிச் சரக்கு லாபக் கணக்கில் செலவாகாது என்றாலும், அதன் வரி 900 வெள்ளியை இப்போதே கழித்துக்கொள்ளலாம் என்பதால்தான் அந்த வித்தியாசம்.

“காசு கைக்கு வந்தால்தான் வரி” என்று அண்ணன் ஒருவர் சொன்னது ரொக்கக் கணக்குத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கே பொருந்தும். நான் சேரவில்லை, கடன் விற்பனைக்கும் இப்போதே கட்டவேண்டும். இன்னொருவர் தம் காரைப் பழுதுபார்த்த வரியைக் கழிக்கலாமா என்றார்; தனியார் காருக்கு அது கிடையாது, செலவோடு சேர்த்தே எழுதவேண்டும்.

பதிவெண் இல்லாத ஒரு கொள்முதல் ரசீதைக் கழிக்காமல் ஒதுக்கியிருக்கிறேன்; சரியான வரி ரசீதை விநியோகிப்பாளர் இன்னும் தரவில்லை.