ஒரே காலையில் மூன்று மெஷின், மூன்று கொழுப்பு அளவு: எதை நம்புவது?

காலைநடை:
வயது 41, ஆண், உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. ஒரே காலையில், ஒரு மணி நேரத்துக்குள் மூன்றிலும் பார்த்தேன். வீட்டில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் மெஷின் கொழுப்பு 24.1 சதவீதம் என்றது. இரண்டு கையாலும் பிடிக்கும் சின்னக் கருவி 20.6 என்றது. உடற்பயிற்சிக் கூடத்தில் கையையும் காலையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய மெஷின் 28.3 என்றது. எது சரி? பெரிய மெஷின் தந்த தாளில் உடம்பின் ஒவ்வொரு பகுதியும் மின்சாரத்துக்குத் தரும் தடை, ஓம் கணக்கில் இருக்கிறது: வலக்கை 290, இடக்கை 295, நடுவுடல் 24, வலக்கால் 235, இடக்கால் 240.

இரும்புக்கை:
பெரிய மெஷின்தான் சரி, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஏறி நிற்கும் மெஷினில் மின்சாரம் ஒரு காலில் ஏறி, இடுப்பைக் கடந்து, மறு காலில் இறங்கிவிடும். இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கைக்கருவிக்கு நெஞ்சுக்குக் கீழே தெரியாது. எட்டு மின்முனை வைத்த மெஷின் மட்டும்தான் உடம்பு முழுவதையும் பார்க்கிறது. மற்ற இரண்டையும் தூக்கிப் போடுங்கள்.

எடைக்கல்:
தரை சமமாக இருந்ததா? கம்பளத்தின் மேல் வைத்தால் எடை தப்பாக வரும். பேட்டரி தீர்ந்துபோனாலும் அப்படித்தான்.

காலைநடை:
மூன்றிலும் எடை ஒன்றுதான். கொழுப்பு அளவுதான் வேறுபடுகிறது.

நாலுமுனை:
ஒரு சத்துணவு ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக இந்தக் கருவிகளில் ஆட்களை அளந்து வருகிறேன். இரும்புக்கை சொன்ன பாதை சரி. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முழு உடம்புக் கணக்கில் மின்சாரம் கையிலிருந்து நடுவுடல் வழியாகக் காலுக்குப் போகிறது. உங்கள் தாளில் உள்ளபடி வலப்பக்கம் 290 + 24 + 235 = 549 ஓம். இதில் நடுவுடலின் பங்கு 24 மட்டுமே, அதாவது நூற்றுக்கு நாலரைகூட இல்லை. ஆனால் உடல் எடையில் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது.

காரணம் தடிமன். குழாய் அகலமானால் தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதைப் போலத்தான் இதுவும். கையின் சுற்றளவு 28 செ.மீ., நடுவுடலின் சுற்றளவு 90 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், அதனால் குறுக்குப் பரப்பு பத்து மடங்கு. நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் தடை பத்தில் ஒரு பங்காக, 29 ஓம் அளவில் இருக்க வேண்டும். உங்கள் தாளில் 24. இவ்வளவு எளிய கணக்கே அத்தனை அருகில் வருகிறது.

ஆக, மின்சாரம் நடுவுடல் வழியாகப் போவது உண்மை. ஆனால் மொத்த 549-இல் பேசுவது கையும் காலும்தான்.

இரும்புக்கை:
எட்டு முனை மெஷின் நடுவுடலைத் தனியாக அளக்கிறதே! மொத்தத்தோடு கலந்து பார்ப்பது பழைய நாலு முனை முறை. 24 ஓமைத் தனியாக எடுத்துத் தனிக் கணக்கில் போட்டால் நீங்கள் சொல்லும் குறை இல்லை.

நாலுமுனை:
நல்ல கேள்வி, ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். தனியாக அளப்பது முன்னேற்றம்தான். ஆனால் கையில் ஒரு ஓம் பிசகினால் 290-இல் ஒன்று. நடுவுடலில் ஒரு ஓம் பிசகினால் 24-இல் ஒன்று, அதாவது நாலு சதவீதம். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாலே அதைவிட அதிகமாக மாறிவிடும். நான் ஆட்களை நிறுத்தும்போது அக்குளில் துண்டு சொருகக்கூட வைத்திருக்கிறேன், தோல் தோலோடு படக்கூடாது என்று.

இன்னொன்று. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பின் வழியாக மின்சாரம் சரியாகப் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள தசையிலும் நீரிலும்தான் ஓடுகிறது. எந்த மெஷினும் கொழுப்பை அளப்பதே இல்லை. நீர் நிறைந்த பகுதி எவ்வளவு என்று ஊகித்து, எடையில் அதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது.

எடைக்கல்:
அப்படியானால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடலாமே? 24.3 வருகிறது. நடுவில் இருப்பது உண்மைக்கு அருகில் இருக்கும்.

நாலுமுனை:
அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மூன்று பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிசகினால் சராசரி உதவும். மூன்றும் ஒரே பக்கம் பிசகியிருந்தால் சராசரியும் அந்தப் பக்கமே. மின்சாரம் போன பாதை ஒரு காரணம் என்றால், ஓமைக் கிலோவாக மாற்றும் சமன்பாடு அதற்குச் சமமான இன்னொரு காரணம். உங்கள் தாளை வைத்தே பார்ப்போம். 2001-இல் ஜெனீவாவில் கைல் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் வெளியிட்டது இது:

```
FFM = -4.104 + 0.518*H²/R + 0.231*W + 0.130*Xc + 4.229*S
```

FFM என்பது கொழுப்பு நீங்கிய எடை, H உயரம், R தடை, W எடை. S ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0. Xc என்பது செல்களின் சவ்வு மின்சாரத்துக்குத் தரும் தனி எதிர்ப்பு, அதுவும் ஓமில்தான். அது உங்கள் தாளில் இல்லை, பலருக்கும் வரும் அளவான 55 என்று வைக்கிறேன். 172-ஐ அதனாலேயே பெருக்கி 549-ஆல் வகுத்தால் 53.9. எல்லாம் போட்டுக் கூட்டினால் 53.2 கிலோ. மீதி 24.8 கிலோ கொழுப்பு, அதாவது 31.8 சதவீதம்.

உங்கள் பெரிய மெஷின் அதே ஓமை வைத்துக்கொண்டு 28.3 என்றது. உடம்பு மாறவில்லை, மின்சாரம் போன வழியும் மாறவில்லை. சமன்பாட்டை மாற்றியதும் மூன்றரை புள்ளி நகர்ந்துவிட்டது. 31.8-ஐ உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சமன்பாடு படுக்க வைத்து, கையிலும் காலிலும் ஒட்டும் மின்முனை போட்டு அளந்ததற்கானது. நீங்கள் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்தீர்கள். வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம் என்று காட்டத்தான் போட்டேன்.

கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். வந்த 53.2 கிலோவில் 18 கிலோ உங்கள் எடையிலிருந்து மட்டுமே வந்தது, 4.2 கிலோ ஆண் என்பதற்காக. மின்சாரம் சொல்லாததை எல்லாம் இப்படித்தான் நிரப்புகிறார்கள். வீட்டு மெஷினும் கைக்கருவியும் தாம் பார்க்காத பாதி உடம்பை, உங்களைப் போன்ற எடையும் வயதும் உள்ளவர்களின் சராசரியை வைத்து நிரப்புகின்றன. அந்தச் சராசரி ஆளைவிட உங்களுக்கு வயிறு பெரிதாக இருந்தால் இரண்டும் கொழுப்பைக் குறைத்துச் சொல்லும்.

தேன்கூடு:
அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் இரண்டு காலும் வீங்கின. எடை மூன்று கிலோ ஏறியது, ஆனால் வீட்டு மெஷின் கொழுப்பு குறைந்துவிட்டது என்று காட்டியது. அவருக்கு ஒரே சந்தோஷம், நடைப்பயிற்சி பலன் தருகிறது என்று. மருத்துவர் காலை அழுத்திப் பார்த்தபோது விரல் பள்ளம் அப்படியே நின்றது. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம்.

நாலுமுனை:
மெஷின் கெடவில்லை. அது பார்க்கும் ஒரே இடம் கால், நீர் கோத்ததும் அங்கேதான். நீர் கூடினால் தடை குறையும், தடை குறைந்தால் சமன்பாடு அதைத் தசை என்று எண்ணும். அந்த நாளில் கைக்கருவியில் பார்த்திருந்தால் இவ்வளவு ஏமாற்றியிருக்காது. கால் வீங்கியிருக்கும்போது, சிறுநீரகமோ இதயமோ சரியில்லாதபோது, இந்த எண்ணை யாரும் படிக்கவே வேண்டாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் எந்த மெஷினிலும் ஏறக்கூடாது.

காலைநடை, நீங்களும் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். எழுந்தவுடன் ஒரு முறை, நாள் முழுக்க நின்று நடந்த பிறகு மாலையில் ஒரு முறை ஏறிப் பாருங்கள்.

காலைநடை:
நான்கு நாள் பார்த்தேன். வீட்டு மெஷினில் காலை 24-ஐ ஒட்டி, மாலை 22.5-ஐ ஒட்டி வருகிறது. கைக்கருவி 20.6-க்கு மேலும் கீழும் அரைப்புள்ளிக்குள்தான் நகர்கிறது. ஒரு நாள் மாலை பெரிய மெஷினிலும் ஏறினேன்: கால்கள் 223, 229. கைகள் 288, 294. நடுவுடல் அதே 24.

நாலுமுனை:
இரண்டு காலும் சேர்த்து 475 ஓம் இருந்தது 452 ஆகியிருக்கிறது. ஒரு பகலில் ஒன்றரை சதவீதக் கொழுப்பு யாருக்கும் கரையாது. நீர் காலுக்கு இறங்கியதைத்தான் பார்க்கிறீர்கள்.

இரும்புக்கை:
இது என் பேச்சைத்தான் உறுதி செய்கிறது. கால் தனி, கை தனி என்று பிரித்துக் காட்டியதால்தானே உங்களுக்கே நீர் என்று தெரிந்தது? வீட்டு மெஷின் மட்டும் இருந்தால் கொழுப்பு குறைந்தது என்றுதான் நம்பியிருப்பார்.

நாலுமுனை:
அந்த ஓம் வரிசைக்காகப் பெரிய மெஷினை நானும் மதிக்கிறேன். 28.3 என்ற எண்ணுக்காக அல்ல. அது எக்ஸ்-கதிரால் கொழுப்பைப் பிரித்துப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்பது காலைநடையின் உடல்வாகைப் பொறுத்தது, அதை இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது.

இரும்புக்கை:
வாடிக்கையாளர்கள் பலரை மூன்று மாத இடைவெளியில் அளக்கிறேன். இடுப்பளவு குறைந்தவர்களுக்குப் பெரிய மெஷினில் எண்ணும் குறைகிறது. எனக்கு அது போதும்.

நாலுமுனை:
குறையட்டும், ஆனால் எடை குறைந்தாலே சமன்பாட்டில் கொழுப்பும் குறையும், ஓம் அசையாவிட்டாலும். அடுத்த முறை அவர்களின் ஓம் வரிசையை இங்கே போடுங்கள். அசைந்திருந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

காலைநடை:
அப்படியானால் நான் இனி வீட்டு மெஷினிலேயே, எழுந்து கழிப்பறை போய் வந்த பத்து நிமிடத்துக்குள், பாதத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வாரம் மூன்று நாள் பார்க்கிறேன். வயிற்றுச் சுற்றளவை டேப்பால் அளந்து பக்கத்தில் எழுதுகிறேன். இரும்புக்கை, மூன்று மாதம் கழித்து அதே பெரிய மெஷினில் காலையில் ஏறி, இரண்டு தாளையும் போடுகிறேன்.