மாடில இருக்குற பொட்டிக்கு 92, என் போனுக்கு 14

(வேளச்சேரி, நம்ம அபார்ட்மென்ட் குரூப்)

சுந்தர் S2: எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. F3 ரஃபி மொட்டைமாடில வெள்ளைப் பொட்டி ஒண்ணு மாட்டி வீட்டுக்கு வைஃபை இழுத்திருக்காரு, அதுவும் 5ஜி தான், என் போனும் அதே கம்பெனி அதே 5ஜி, டவரும் விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெரியுதே அது ஒண்ணுதான். ராத்திரி 9 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட்ல எனக்கு 14 எம்பிபிஎஸ் வருது, அவருக்கு 92. காலைல 6 மணிக்கு எனக்கே 380 வருது. அப்போ ராத்திரி என் பங்கு எங்க போகுது?

வனஜா G1: எனக்கும் அதே தான் சார். பையன் அமெரிக்காலேர்ந்து வீடியோ கால் பண்ணா மூஞ்சி உறைஞ்சு போய் நிக்குது

ரஃபி F3: சார் அது ஸ்லைசிங். பொட்டிக்கு தனி அலைவரிசை ஒதுக்கிடுவாங்க, உங்க போன் அதுல நுழையவே முடியாது. லண்டன்ல 2023ல மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவுக்கு வோடஃபோன் இப்படித்தான் டிவிக்காரங்களுக்கு ஒரு ஸ்லைஸ் குடுத்தாங்க, அவ்ளோ கூட்டத்துலயும் லைவ் போச்சு

வனஜா G1: ஸ்லைஸ்னா? மாம்பழ ஜூஸா 😄

கார்த்தி T1: ரஃபி பாய் லண்டன் விஷயம் சரி, தனி அலைவரிசை தான் தப்பு. அலைவரிசை ஒண்ணே தான், ஆன்டெனாவும் அதே. அதை நேரத்துக்கு நேரம் எப்படி பங்கு போடுறாங்கங்கறது தான் ஸ்லைஸ்

சுந்தர் S2: தம்பி கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுப்பா, ஆபீஸ்ல பேசுற மாதிரி வேணாம்

கார்த்தி T1: சரி அங்கிள். 100 மெகாஹெர்ட்ஸ் வச்சிருக்குற டவர்னா அதை 273 துண்டா பிரிச்சு வச்சிருக்கும். அரை மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்கு 2000 தடவை, எந்தத் துண்டு யாருக்குன்னு டவர்ல இருக்குற ஷெட்யூலர் புதுசா முடிவு பண்ணும். கம்பெனி அதுக்கு ஒரு விதி எழுதி வைக்கலாம், உதாரணத்துக்கு வீட்டுப் பொட்டிங்க எல்லாம் ஒரு ஸ்லைஸ், அவங்களுக்கு குறைஞ்சது 30 சதவீதம் உறுதின்னு. அப்போ 82 துண்டு அவங்களுக்கு, மிச்சம் 191 போன்களுக்கு. 9 மணிக்கு ஒரே சமயத்துல 20 போனும் 4 பொட்டியும் இழுக்குதுன்னு வச்சுக்கங்க. போனுக்கு ஆளுக்கு 9 சொச்சம், பொட்டிக்கு ஆளுக்கு 20

சுந்தர் S2: இது அநியாயமா இருக்கே. காலைல மட்டும் எப்படி 380?

கார்த்தி T1: காலைல மத்த போனுங்களும் பொட்டிங்களும் தூங்குது. குறைஞ்சதுன்னு எழுதினா அவங்க கேக்காதப்போ அந்த 82ஐயும் போன்கள் எடுத்துக்கலாம். இன்னொரு மாதிரியும் எழுதலாம், யாரும் பயன்படுத்தலன்னாலும் காலியாவே வைன்னு, ஆனா அது ஸ்பெக்ட்ரத்தை வீணடிக்கிற வேலை, ஃபேக்டரி மாதிரி இடத்துல தான் பாத்திருக்கேன். அப்புறம் ஒண்ணு, துண்டு வேற ஸ்பீடு வேற. சிக்னல் மோசமா இருந்தா அதே துண்டுல கால்வாசி டேட்டா கூட ஏறாது. நீங்க பெட்ரூம்ல உக்காந்து டெஸ்ட் பண்றீங்க, பொட்டி டவரைப் பாத்து நிக்குது. அதனால 14க்கும் 92க்கும் நடுவுல எது சிக்னல் எது ஸ்லைஸ்னு பிரிச்சுப் பாக்கணும். இன்னைக்கு 9 மணிக்கு போனை எடுத்துட்டு மாடிக்கு போய் பொட்டி பக்கத்துல நின்னு டெஸ்ட் பண்ணுங்க

மீனா S1: அந்த 5ஜின்னு மேல வருதே அது இருந்தாலே ஸ்லைஸ் இருக்கும்னு அர்த்தமா கார்த்தி? என்னோடது வேற கம்பெனி

கார்த்தி T1: இல்ல மேடம். ஆண்ட்ராய்டுனா டயலர்ல `*#*#4636#*#*` போட்டு போன் தகவல் பக்கத்துல டேட்டா நெட்வொர்க் வகை பாருங்க, நிறைய போன்ல வரும். `NR`னு இருந்தா உள்ளுக்குள்ளயும் 5ஜி. மேல 5ஜி காட்டிட்டு இங்க `LTE`னு இருந்தா டவருக்குப் பின்னால இருக்குற கம்பெனியோட மைய நெட்வொர்க், அதாவது கோர், 4ஜி தான், அதுல இந்த ஸ்லைஸ் கதை கிடையாது

மீனா S1: LTE னு தான் வருது 🙄

*(ராத்திரி 9:10)*

சுந்தர் S2: மாடில நிக்கிறேன். 88 வருது!! அப்போ எல்லாம் சிக்னல் தான், ஸ்லைஸும் இல்ல ஒண்ணும் இல்ல

ரஃபி F3: சார் போன வாரம் பாஸ்வேர்டு குடுத்தேனே, போன் என் வைஃபைல தானா ஒட்டிக்கிச்சு பாருங்க

சுந்தர் S2: அட ஆமா. ஆஃப் பண்ணிட்டேன். மூணு தடவை பாத்தேன், 39, 43, 41. ரஃபி அவரோட போன்ல வைஃபைல இப்போ பாத்தா 90

கார்த்தி T1: சூப்பர், இது தான் வேணும். 14லேர்ந்து 41 ஏறினது சிக்னல், உங்க சுவர் தின்னது. 41க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் பங்குல வர்றது. நான் மேல போட்ட 9க்கும் 20க்கும் கிட்டத்தட்ட அதே விகிதம், ஆனா அது தற்செயலா கூட இருக்கலாம், பொட்டியோட ஆன்டெனாவும் போனை விட பெருசு

மீனா S1: இது சட்டப்படி சரியா? 2016லயே டிராய் எந்த வெப்சைட்டுங்கறதை வெச்சு டேட்டா விலை மாத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2017ல பரிந்துரை குடுக்கும்போது சிறப்பு சேவைகளுக்கு மட்டும் விலக்கு வெச்சாங்க, அதுவும் சாதாரண இன்டர்நெட்டோட தரம் கெடாத வரைக்கும். சுந்தர் சாரோட 14 கெட்டதா கெடலயா?

கார்த்தி T1: மேடம் அது வாதம் பண்ண வேண்டிய விஷயம் தான். எந்த ஆப்னு பாத்து குறைக்கல, எந்த பிளான்னு பாத்து பங்கு போடுறாங்கன்னு கம்பெனி சொல்லும். வீட்டு இன்டர்நெட்டும் இன்டர்நெட் தானே, அது எப்படி சிறப்பு சேவைன்னு நீங்க கேப்பீங்க

மீனா S1: கேப்பேன். பதில் இருக்கா?

கார்த்தி T1: என்கிட்ட இல்ல 😅

வனஜா G1: தம்பி மிக்ஜாம் புயல் அன்னைக்கு மூணு நாள் போனே இல்ல, என் பிரஷர் மாத்திரைக்கு கூட யாரையும் கூப்பிட முடியல. இந்த பொட்டி இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?

கார்த்தி T1: இல்ல ஆன்ட்டி. ஸ்லைஸ் எத்தனை இருந்தாலும் டவர் ஒண்ணு, அதுக்கு வர்ற ஃபைபர் ஒண்ணு, பேட்டரி ஒண்ணு. தண்ணி நின்னு கரண்ட் போய் பேட்டரி தீந்துச்சுன்னா எல்லா ஸ்லைஸும் சேர்ந்து தான் படுக்கும். டவர் உயிரோட இருந்து கூட்டம் மட்டும் அதிகமா இருந்தா, ஆம்புலன்ஸ்காரங்களுக்கு ஒரு ஸ்லைஸ் இருந்தா அவங்க கால் போகும். அவ்ளோ தான் அதால முடியும்

ரஃபி F3: அப்போ சார் போனையும் என் ஸ்லைஸ்ல சேத்து விட முடியாதா, செட்டிங்ஸ்ல எங்கயாவது

கார்த்தி T1: போன் எட்டு ஸ்லைஸ் வரைக்கும் ஒரே நேரத்துல வச்சுக்கலாம், ஆனா கேக்குறது தான் போன், குடுக்குறது நெட்வொர்க். நெட்வொர்க்ல சேரும்போதே சிம்முக்கு எதெல்லாம் அனுமதின்னு பாத்துட்டு தான் உள்ள விடும். உங்க பொட்டியோட சிம்முக்கு இருக்கும், அங்கிள் சிம்முக்கு இருக்காது. அதை கழட்டி போன்ல போடாதீங்க, பல பிளான்ல பொட்டிக்கும் சிம்முக்கும் பூட்டு போட்டிருப்பாங்க

சுந்தர் S2: கஸ்டமர் கேருக்கு போன் பண்ணேன் கார்த்தி. எனக்கு எந்த ஸ்லைஸ்மான்னு கேட்டா அந்தப் பொண்ணு போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்னுச்சு

கார்த்தி T1: 😂 அவங்களுக்கு தெரியாது அங்கிள். உண்மைய சொன்னா வெளிய நின்னு எனக்கும் தெரியாது, தனி ஸ்லைஸா, இல்ல ஒரே ஸ்லைஸ்குள்ள பொட்டிக்கு முன்னுரிமை மட்டுமான்னு. ரெண்டும் நம்ம டெஸ்ட்ல ஒரே மாதிரி தான் தெரியும்

வனஜா G1: எனக்கு இதெல்லாம் ஏறல. பையன் கால் ராத்திரி 9 மணிக்கு தான் வருது, மாடில சேர் போட்டு உக்காந்துக்கவா?

சுந்தர் S2: வாங்க, நானும் அங்க தான் இருக்கேன். கொசுவத்தி எடுத்துட்டு வாங்க