4.4 நட்சத்திரம், 2,300 விமர்சனம் பார்த்து வாங்கிய பவர் பேங்க்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தென்காசிப் பொண்ணு
அம்மா ஊரில் அடிக்கடி கரண்ட் போகும், போன் அணைந்துவிட்டால் நான் சென்னையிலிருந்து எத்தனை முறை அடித்தாலும் எடுக்க மாட்டார், அந்தப் பயத்தில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று 849 ரூபாய்க்கு ஆர்டர் போட்டு நேராக அவருக்கே அனுப்பினேன். பிராண்டு பெயர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் 4.4 நட்சத்திரம், 2,300 பேர் எழுதியிருக்கிறார்கள், மேலே இருந்த பத்தும் வாங்கியவர்தான் எழுதினார் என்ற முத்திரையோடு இருந்தன. அதை நம்பினேன். அம்மாவின் போன் 5,000 எம்ஏஎச். கிட்டத்தட்ட மூன்று முறை ஏற வேண்டும், ஒன்றரை முறைகூட ஏறவில்லை. அம்மா அதைப் பிரித்துப் பயன்படுத்தவே இரண்டு வாரம் ஆகிவிட்டது, திருப்பி அனுப்ப 7 நாள்தான் கெடு, அதுவும் போச்சு. பணத்தைவிட, அந்த விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வாங்கியும் ஏமாந்ததுதான் மனதை அறுக்கிறது. எதைப் பார்த்திருக்க வேண்டும் நான்?

கோவை வாசி
ஐந்து நட்சத்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஒரு நட்சத்திரம் மட்டும் படியுங்கள், அதில்தான் உண்மை இருக்கும். அப்புறம், இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருந்தால் அது போலி. நான் பல வருஷமாக இப்படித்தான் வாங்குகிறேன்.

முன்னாள் டீல்காரன்
கோவை அண்ணன் சொல்வது பாதி சரி. நான் அந்தப் பக்கம் இருந்தவன், அதனால் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு டெலிகிராம் குழுவில் இருந்தேன். மீடியேட்டர் என்று ஒருவர் பொருளின் படத்தைப் போடுவார். லிங்க் தரமாட்டார். நாமே ஒரு வார்த்தையைத் தேடி, இரண்டு மூன்று பொருளைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் அதை நம் சொந்தக் காசில் வாங்க வேண்டும், சாதாரணமாக ஒருவர் வாங்குவது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆர்டர் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு படிவத்தில் ஏற்ற வேண்டும். பொருள் வந்து நாலைந்து நாள் கழித்து, இரண்டு போட்டோவோடு ஐந்து நட்சத்திரம். விமர்சனம் பக்கத்தில் வந்ததும் அதன் லிங்க்கைக் கொடுத்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு முழுப் பணமும் யுபிஐயில் வரும். பொருள் நமக்கே.

இப்போது புரிகிறதா அக்கா, உங்களை நம்ப வைத்த அந்த முத்திரை பொய்யில்லை. உண்மையிலேயே வாங்கினோம். பணம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். அதைப் பக்கத்தில் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் தேதியை மறைக்க முடியாது. ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது பேருக்கு டீல் போகும், அதனால் விமர்சனங்களும் ஒரே வாரத்தில் குவியும். முன்னும் பின்னும் வெறுமையாக இருக்கும். வரிசையை ‘சமீபத்தியவை’ என்று மாற்றிப் பாருங்கள். எழுதியவரின் பெயரைத் தட்டினால் அவர் எழுதிய மற்றவை தெரிந்தால் அதையும் பாருங்கள். என்னுடையதில் ஒரே மாதத்தில் முகச் சீரம், நாய்ப் பட்டை, கார் வாசனைக் குப்பி, எல்லாமே பெயர் தெரியாத பிராண்டு, எல்லாவற்றுக்கும் ஐந்து. எங்கள் வீட்டில் நாயும் இல்லை, காரும் இல்லை. பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். என்னை நம்பி யாரோ வாங்கியிருப்பார்கள் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

ஈரோடு ஜவுளி
நான் பெட்ஷீட் விற்பவன். ஒரு நட்சத்திரத்தில்தான் உண்மை இருக்கும் என்று சொல்லாதீர்கள் சார். எனக்கு ஒரே இரவில் ஏழு ஒரு நட்சத்திரம் விழுந்தது, எல்லாம் ‘மோசம்’, ‘வேஸ்ட்’ என்று ஒற்றை வார்த்தை. அடுத்த வாரமே ‘நூறு நல்ல விமர்சனம் போட்டுத் தருகிறோம்’ என்று ஒருவர் போன் செய்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. இங்கிலீஷ் தப்பாக இருந்தால் போலி என்பதும் சரியில்லை, என் நல்ல வாடிக்கையாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ‘இரண்டு தரம் துவைத்தேன், ஓரத்தில் நூல் பிரிந்தது, சாயம் போகவில்லை’ என்று மூன்று நட்சத்திரம் போட்ட ஒரு அம்மாவின் விமர்சனம்தான் என் பொருளைப் பற்றிச் சரியாகச் சொன்னது. அதைப் படித்துத்தான் தையலை மாற்றினேன்.

சர்வீஸ் கடை
தங்கச்சி, உங்கள் பவர் பேங்க் எடை எவ்வளவு? மளிகைக் கடைத் தராசில் வைத்தால் போதும். உள்ளே இருக்கும் உருளை செல் ஒன்று சுமார் 45 கிராம், நல்ல செல்லே 3,000 முதல் 3,500 வரைதான் தாங்கும். 20,000 வர ஆறு செல்லாவது வேண்டும், செல் மட்டுமே 270 கிராம். தட்டையான செல்லாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. 300க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

திருச்சி ரெண்டாம் ஷிப்ட்
எனக்கு மிக்ஸிக்குப் பதிலாகப் பழைய துணி வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்கிறார்களே, எடுத்தால் பணம் வருமா?

கோவை வாசி
அது வேறு விஷயம் தம்பி. முதலில் கடையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. வீடியோ இருந்தால் பலம், பணம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஈரோட்டுக்காரர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், இனி மூன்று நட்சத்திரத்தையும் படிக்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

முன்னாள் டீல்காரன்
2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது, காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தைப் போடக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைக் கட்டாயமாக்காமல், விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்றுதான் கொண்டுவந்தார்கள்.

தென்காசிப் பொண்ணு
அம்மா அடுத்த தெருக் கடையில் எடை போட்டுச் சொன்னார். 190 கிராம். அதைவிட வேதனை, ‘கையில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு’ என்று மேலே இருந்த விமர்சனத்தைப் படித்துத்தான் அம்மாவுக்கு வசதி என்று வாங்கினேன்.

நீங்கள் சொன்னபடி தேதி வரிசையில் முழுவதும் படித்தேன். மார்ச் மாதம் ஒன்பது நாளுக்குள் நாற்பத்தொரு விமர்சனம், எல்லாம் ஐந்து. பெட்டி அழகு, டெலிவரி வேகம், சார்ஜ் வேகம், இவ்வளவுதான். எத்தனை முறை போன் ஏறியது என்று ஒருவர்கூட எழுதவில்லை. பாதிப் படங்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் ஒன்றும் இரண்டும். இன்னும் கீழே போனால், 2021இல் எழுதிய நூற்றுக்கணக்கானவை பவர் பேங்க் பற்றியே இல்லை! ‘காதில் நன்றாகப் பொருந்துகிறது’ என்று இருக்கிறது. இயர்போன் விற்ற பழைய பக்கத்தையே மாற்றி இதை ஏற்றியிருக்கிறார்கள் போல. 2,300 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

சர்வீஸ் கடை
190 என்றால் பத்தாயிரத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. ஓரம் உப்பினாலோ, சார்ஜ் ஏறும்போது தொட முடியாமல் சுட்டாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம்.

ஈரோடு ஜவுளி
எனக்கும் ஒரு கேள்வி. பெட்டிக்குள் ‘விமர்சனம் எழுதினால் 50 ரூபாய்’ என்று அட்டை வைக்கலாமா? ஐந்து நட்சத்திரம் கேட்கவில்லை, எத்தனை போட்டாலும் தருவேன்.

முன்னாள் டீல்காரன்
பல தளங்கள் அதையும் அனுமதிப்பதில்லை அண்ணா. 50 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு நட்சத்திரம் போட யாருக்கும் மனசு வராது.

ஈரோடு ஜவுளி
அட்டை வைக்காமல் விட்டால் திட்டுகிறவர்கள் மட்டும்தான் எழுதுகிறார்கள் தம்பி. நான் என்னதான் செய்வது?

தென்காசிப் பொண்ணு
அந்தப் பக்கத்தில் என் விமர்சனத்தையும் போட்டேன். தராசில் இருக்கும் படத்தோடு, 190 கிராம், போன் ஒன்றரை முறைகூட ஏறவில்லை என்று. இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் காட்டுகிறது.