கிராஸில் லிக்விடேஷன் விலை தானாக ஏறியதைப் பார்த்திருக்கிறீர்களா?

கல்லடியான்:
மச்சானுடைய ஃபோனில் பார்த்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கணக்கில் மொத்தம் 100 டாலர். ஈதர் 2000இல் 0.1 லாங், 10 மடங்கு, கிராஸ். லிக்விடேஷன் 1005 என்று காட்டியது. "பாதி விலைக்கு விழுந்தால்தானே போகும்" என்று நிம்மதியாக இருந்தான். அப்புறம் ஒரு சின்னக் காயினிலும் லாங் போட்டான். அது 60 டாலர் நட்டத்துக்குப் போனது. ஈதர் அசையவே இல்லை. ஆனால் ஈதர் வரிசையில் இருந்த அந்த 1005, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க 1300, 1450 என்று ஏறி 1600ஐத் தாண்டியது. அவன் முகம் வெளிறிவிட்டது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆரையம்பதி மைந்தன்:
லெவரேஜை 5க்கு இறக்கியிருந்தால் லிக்விடேஷன் தூரப் போயிருக்கும். நான் ஐசோலேட்டட்டில் எப்போதும் அதைத்தான் செய்கிறேன். இன்னொன்று, சின்னக் காயின் பக்கமே போகாதீர்கள். இரவில் ட்ரேட் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். ஸ்டாப் லாஸ் முதலில், என்ட்ரி பிறகு.

கல்முனைக் காக்கா:
தம்பி ஆரையம்பதி, ஐசோலேட்டட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. இதே 0.1 ஈதருக்கு 10 மடங்கில் 20 டாலர்தான் காவல், பராமரிப்பு மார்ஜின் அரை வீதம் என்றால் 1809இல் போய்விடும். 5 மடங்கில் 40 டாலர் வைப்பீர்கள், 1608 வரை தாங்கும். கிராஸில் லெவரேஜை மாற்றினாலும் அளவு அதே 0.1தான், பின்னால் நிற்பதும் அதே மொத்தக் கணக்குத்தான். அதனால் லிக்விடேஷன் நகராது. புது ட்ரேடுக்கு மிஞ்சும் பணம் மட்டும்தான் மாறும்.

மச்சானின் ஈதருக்குப் பின்னால் 100 டாலர் நின்றது. மற்ற ட்ரேட் 60ஐத் தின்றதும் 40தான் மிச்சம். அந்த 40க்கு வருவதும் 1608தான். இரண்டாவது ட்ரேடின் பராமரிப்பையும் கழித்தால் இன்னும் கொஞ்சம் மேலே. சின்னக் கணக்கில் ஒரே ட்ரேட் என்றால் கிராஸ் மூச்சு விட இடம் தரும். இரண்டு என்றால் நான் ஐசோலேட்டட்தான். 20 போனாலும் 80 கையில் இருக்கும்.

ஏறாவூர்வாசி:
என் கதை வேறு. ஐசோலேட்டட், லிக்விடேஷன் 1809. சார்ட்டில் விலை இறங்கிய அடிமட்டம் 1815, ஆனாலும் லிக்விடேட் செய்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

கல்முனைக் காக்கா:
நீங்கள் பார்த்தது கடைசி விலைச் சார்ட்டாக இருக்கும். லிக்விடேஷன் மார்க் விலையில் நடக்கும். சார்ட்டை மார்க் விலைக்கு மாற்றி அதே நிமிடத்தைப் பாருங்கள்.

ஏறாவூர்வாசி:
பார்த்தேன் காக்கா, மார்க் விலையின் அடிமட்டம் 1811. இன்னும் 2 டாலர் இடிக்கிறது.

கல்லடியான்:
ஃபண்டிங் கட்டணம் அந்த மார்ஜினிலிருந்து கழிந்ததா? இரவு முழுக்க வைத்திருந்தீர்களா?