60,000 வெள்ளி முதலீட்டுக்கு ஒருநாள் விஏஆர்: கணக்கு குறைவாகவே வருகிறது, எங்கே தவறு?

கதிர்_யீஷுன்:
என்னிடம் இரண்டே ஈடிஎஃப். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டைத் தொடரும் ES3 36,000 வெள்ளிக்கு, நியூயார்க்கில் விலை போகும் எஸ்&பி 500 ஈடிஎஃப் 24,000 வெள்ளிக்கு. அமெரிக்க விலையை அந்தந்த நாள் மாற்று விகிதத்தில் சிங்கப்பூர் வெள்ளியாக்கி, 500 நாள் மாற்றங்களைத் தேதிவாரியாகச் சேர்த்தேன். ஒரு சந்தைக்கு விடுமுறை என்றால் முந்தைய நாள் விலையை இழுத்து நிரப்பினேன். எக்செலின் `PERCENTILE.INC`-இல் 0.01 போட்டால் 1.75% இழப்பு, அதாவது 1,050 வெள்ளி வருகிறது.

2025 முழுவதும் இப்படி ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தைய 500 நாளைக் கொண்டு கணக்கிட்டு, தரகர் செயலி மாலை 6 மணிக்குக் காட்டிய நிஜ இழப்போடு ஒப்பிட்டேன். நடுவில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. 99% விஏஆர் என்றால் ஒருநாள் இழப்பு அந்த எண்ணை 250 நாளில் இரண்டு மூன்று முறைதான் மீற வேண்டும். எனக்கு 7 முறை மீறியிருக்கிறது. சூத்திரம் சரியாகத்தானே இருக்கிறது?

செந்தில்_தெம்பனிஸ்:
500 நாளில் ஓரத்தில் இருக்கும் ஐந்து நாளை நம்பி எண் சொல்வதால் வரும் ஆட்டம் இது. திட்டவிலக்கத்தை எடுத்து 2.33-ஆல் பெருக்குங்கள். எல்லா நாளும் கணக்கில் வரும், எண் நிலையாக இருக்கும்.

மலர்விழி:
செந்தில், நிலையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தினசரி மாற்றங்களின் ஓரம் இயல்நிலைப் பரவலைவிடத் தடிமனானது. 99 சதவீதத்தில் 2.33 பெரும்பாலும் குறைத்தே சொல்லும். ஏற்கெனவே குறைவாக வருகிறது என்பவருக்கு அது மருந்தாகாது. தவிர, இரண்டு ஈடிஎஃபும் சேர்ந்து எவ்வளவு நகர்கின்றன என்பது அந்த முறைக்கும் வேண்டும். கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கதிர், உங்கள் தாளில் மோசமான பத்து நாள்களை மட்டும் எடுத்து, தேதி, ES3 மாற்றம், அமெரிக்க மாற்றம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் 7 எப்படி இருக்கிறது?

கதிர்_யீஷுன்:
ES3 ஏழரை சதவீதம் போல இறக்கம். அமெரிக்கா கிட்டத்தட்ட அசையவே இல்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 4ஆம் தேதி, ES3 மூன்று சதவீதம், அமெரிக்கா ஆறு.

மலர்விழி:
அதேதான். நியூயார்க் சந்தை மூடுவது நமக்கு மறுநாள் விடியற்காலை 4 மணி, குளிர்காலத்தில் 5 மணி. ஏப்ரல் 4 இரவு அங்கே விழுந்த 5.97 சதவீதத்துக்குச் சிங்கப்பூர் பதில் சொன்னது திங்கள் 7ஆம் தேதி, 7.46 சதவீத இறக்கமாக. அன்றைய தேதியில் எஸ்&பி இறங்கியது வெறும் 0.23 சதவீதம். ஒரே அடி உங்கள் தாளில் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து கிடக்கிறது.

குறியீட்டு எண்களையே வைத்து, மாற்று விகிதத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரே தேதியில் சேர்த்தால் ஏப்ரல் 7க்கு 36,000 × 0.0746 + 24,000 × 0.0023, சுமார் 2,741 வெள்ளி. முந்தைய இரவு அமெரிக்காவோடு சேர்த்தால் இரண்டாவது உறுப்பு 24,000 × 0.0597 ஆகிறது, மொத்தம் சுமார் 4,118 வெள்ளி. மாலை 6 மணிக்குத் தரகர் செயலி காட்டுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான், ஏனென்றால் அப்போது அதனிடம் இருக்கும் கடைசி அமெரிக்க விலை முந்தைய இரவுடையது. ஒரு கடிகாரத்தில் விஏஆர் எடுத்து இன்னொரு கடிகாரத்தில் இழப்பை அளந்திருக்கிறீர்கள்.

விடுமுறையை நிரப்பியதிலும் இதே சிக்கல் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு இங்கே சந்தை மூடியிருக்கும்போது ES3 பூஜ்யமாகவும் அமெரிக்கா தனியாகவும் ஒரு வரிசை உருவாகிறது. மறுபடி திறக்கும் நாளில் ES3 தனியாகத் தாவுகிறது. உங்கள் 500 வரிசையும் 500 சிங்கப்பூர் வர்த்தக நாள் அல்ல.

சிங்கப்பூர் தேதிகளை முதுகெலும்பாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்கு *முந்தைய* தேதியின் கடைசி அமெரிக்க விலையை ஒட்டுங்கள். முதலில் விலைகளை ஒட்டி, பிறகுதான் மாற்றத்தைக் கணக்கிட வேண்டும். வரிசை மாறினால் இங்கே விடுமுறையாக இருந்த நாளின் அமெரிக்க நகர்வு தொலைந்துபோகும்.

```python
t = pd.merge_asof(sg, us, on="date",
                  allow_exact_matches=False)
r = t[["es3", "us_sgd"]].pct_change().dropna()
pl = 36000*r["es3"] + 24000*r["us_sgd"]
print(-pl.tail(500).nsmallest(5).iloc[-1])
```

`sg`, `us` இரண்டு விலை அட்டவணையும் தேதி ஏறுவரிசையில் இருக்க வேண்டும். அமெரிக்க விடுமுறைக்கு அடுத்த நாள் இங்கே `us_sgd` பூஜ்யம் காட்டினால் பயப்பட வேண்டாம். மாலை 6 மணிக் கணக்கில் அந்தப் பூஜ்யம் நிஜமானது.

ஹக்கீம்:
எனக்கும் இதே போல ஒன்று, ஆனால் நேர்மாறு. டிபிஎஸ் பங்கு வைத்திருக்கிறேன், விஏஆர் *அதிகமாக* வருகிறது. 2024 ஏப்ரலில் ஒரு நாள் 9 சதவீதம் போல விழுந்ததாகத் தாளில் இருக்கிறது. அன்று அப்படி எதுவும் நடந்த நினைவில்லை.

மலர்விழி:
நடக்கவில்லை. அது பத்துக்கு ஒன்று போனஸ் பங்கு. 1 ÷ 1.1 = 0.909, அந்த 9 சதவீதம் அதுதான். போனஸுக்கு முந்தைய விலைகள் எல்லாவற்றையும் 1.1-ஆல் வகுத்துவிடுங்கள். அந்த நாளை மட்டும் அழிக்காதீர்கள், அன்றைய உண்மையான நகர்வும் சேர்ந்து போய்விடும்.

புவனா_பொங்கோல்:
அப்படியானால் கதிர் அண்ணா திருத்திய எண்ணைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால் போதும், ஒரு நாளில் அதற்குமேல் போகாதுதானே?

மலர்விழி:
போகும், புவனா. நூறில் ஒரு நாள் அந்த எண்ணைத் தாண்டும் என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு தாண்டும் என்று அது சொல்லாது. ஏப்ரல் 7 மூன்று மடங்குக்கு மேல் தாண்டியது. கையிருப்புதான் கேள்வி என்றால், அந்த மோசமான ஐந்து நாள் இழப்புகளின் சராசரியைப் பாருங்கள்.

கதிர்_யீஷுன்:
மாற்றிப் போட்டுவிட்டேன். 2025 இறுதிக்கு விஏஆர் 1,050-இலிருந்து 1,260 ஆகியிருக்கிறது. மீறல் 7-இலிருந்து 4. ஆனால் `PERCENTILE.INC` இதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தருகிறது, ஏன்?

மலர்விழி:
500 எண்ணில் அது தேடும் இடம் 1 + 0.01 × 499 = 5.99. ஏறக்குறைய ஆறாவது மோசமான நாள். `PERCENTILE.EXC` 0.01 × 501 = 5.01, அதாவது ஐந்தாவது. மேலே உள்ள நிரலும் ஐந்தாவதைத்தான் எடுக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால், உங்கள் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

நான்கு மீறலை வைத்து முறை தவறு என்று சொல்ல முடியாது. வங்கிகளுக்கான பாசல் விதியிலேயே 250 நாளில் 4 வரை பச்சை, 5 முதல் 9 வரை மஞ்சள், 10 ஆனால் சிவப்பு.

செந்தில்_தெம்பனிஸ்:
சரி, ஜோடி சேர்த்ததில்தான் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதியை நகர்த்தாமல், இரண்டு நாள் மாற்றங்களை எடுத்து √2-ஆல் வகுத்தாலும் இந்த நேர இடைவெளி அடங்கிவிடுமே?

மலர்விழி:
ஓரளவு அடங்கும். நிறைய நாடுகளின் பங்குகள் கலந்திருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அடுத்தடுத்த இரண்டு நாள் மாற்றங்களில் ஒரு நாள் பொதுவாக இருப்பதால், ஒரே கெட்ட நாள் பட்டியலில் இரண்டு முறை வரும். ஐந்தாவது நாளைத் தேடும்போது அது இடிக்கும். இரண்டே சந்தை இருக்கும்போது நகர்த்துவதே மேல்.

கதிர்_யீஷுன்:
நான்கில் இரண்டு மீறல் ஏப்ரல் 4, 7, அடுத்தடுத்த வர்த்தக நாள்கள். 4ஆம் தேதி அடி வாங்கிய பிறகும் 7ஆம் தேதிக்கான விஏஆர் பெரிதாக ஏறவில்லை.

மலர்விழி:
ஏறாது. 500 நாளுக்கும் சம எடை இருப்பதால், புதிய கெட்ட நாள் ஒன்று வந்தால் ஐந்தாவது இடம் ஓரடி நகரும், அவ்வளவுதான். அண்மை நாளுக்கு அதிக எடை தரலாம், அல்லது பழைய மாற்றங்களை இன்றைய ஏற்ற இறக்க அளவுக்கு நீட்டிக்கொள்ளலாம். முதலாவதில் எடை தேய்மானத்தை 0.99 வைப்பதா 0.98 வைப்பதா என்பதற்கே எண் நிறைய மாறுகிறது. எது சரி என்று உங்கள் ஒரு வருட மீறல்களை வைத்து முடிவு கட்ட முடியாது.

செந்தில்_தெம்பனிஸ்:
இரண்டாவதைப் போட்டுப் பாருங்கள் கதிர். ஏப்ரல் 7க்கு என்ன எண் வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.