ஒரே ஓட்டுச்சுற்று: பம்ப் அமைதியாக ஓடுகிறது, கிம்பல் ஏன் விட்டு விட்டுத் திரும்புகிறது?

தளிர்ப்படம் (கேள்வி):
கேமராவை மெதுவாகக் கிடைமட்டமாகத் திருப்ப ஒரு கிம்பல் அச்சைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 12 பல், 14 காந்த முனை கொண்ட பிரஷ் இல்லா மோட்டார், 12 வோல்ட், காந்தக் கோண உணரி, SimpleFOC நிரல். வேகம் நிமிடத்துக்கு 2 சுற்று. நீண்ட லென்ஸைப் போட்டுப் பார்த்தால் காட்சி சீராக நகராமல் சிறு சிறு உந்தலாக நகர்கிறது. இதே ஓட்டுச்சுற்றில் 8 முனை கொண்ட சிறிய நீர் பம்பை ஹால் உணரியோடு நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓட்டுகிறேன். கொஞ்சம் சீழ்க்கைச் சத்தம் உண்டு, ஆனால் தண்ணீர் சீராக வருகிறது. இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான்:

```
motor.foc_modulation = FOCModulationType::Trapezoid_120;
driver.pwm_frequency = 25000;
```

கோளாறு மோட்டாரிலா, நிரலிலா?

மின்விசை:
பிடபிள்யூஎம் அதிர்வெண் போதவில்லை. 40 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், மின்னோட்டம் மென்மையாகிவிடும். டிரெபிசாய்டலை விட்டுவிட்டு சைனுக்கும் மாறிவிடுங்கள். எல்லா உந்தலும் போய்விடும்.

பட்டறை:
சைனுக்கு மாறச் சொன்னது சரி. "எல்லா உந்தலும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

டிரெபிசாய்டல் என்னும் ஆறு படி முறையில் எப்போதும் இரண்டு சுருள்களில்தான் மின்னோட்டம் ஓடுகிறது. சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் 60 மின்பாகை ஓரிடத்தில் நின்றுவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவும். அதற்குள் ரோட்டர் நகர்ந்துகொண்டே இருப்பதால், இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய 90 பாகை, 60க்கும் 120க்கும் நடுவே ஊசலாடுகிறது. கிம்பல் மோட்டார்களில் எதிர் மின்னியக்கு விசை பெரும்பாலும் சைன் வடிவத்தில்தான் இருக்கும். அப்படிப்பட்ட மோட்டாரில் முறுக்குவிசை ஒவ்வொரு படியிலும் உச்சத்திலிருந்து சுமார் 13 சதவீதம் சரிந்து மீளும். பூஜ்ஜியக் கோணத்தை 10 பாகை தவறாக அளந்திருந்தால் சரிவு 23 சதவீதத்தைத் தொடும். அதனால் அந்த அளவீட்டையும் மறுபடி செய்துவிடுங்கள்.

இனி பம்புக்கு வருவோம். அதில் 4 முனை இணைகள். நொடிக்கு 50 சுற்று. இணைக்கு ஆறு படி, சுற்றுக்கு 24 சரிவு. ஆக நொடிக்கு 1200. உங்கள் சீழ்க்கை பெரும்பாலும் அதுதான். கிம்பலில் 7 இணைகள், சுற்றுக்கு 42 சரிவு. நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் நொடிக்கு 1.4 மட்டுமே. முறுக்குவிசையின் அலைவும் நிலைமமும் சமம் என்று கொண்டால், கோணத்தில் தெரியும் ஆட்டம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 1200க்கும் 1.4க்கும் உள்ள விகிதத்தை வர்க்கமாக்குங்கள்: ஏழு லட்சம் மடங்குக்கு மேல் வருகிறது. பம்பில் சக்கரத்தின் நிலைமமே அலைவை விழுங்கிவிடுகிறது. கிம்பலில் அதை விழுங்க எதுவும் இல்லை. வேகக் கட்டுப்பாட்டுச் சுழற்சிதான் துரத்திப் பிடிக்க வேண்டும்.

நீரோடை:
பம்பைப் பற்றிப் பேசுவதால் என் சிக்கலையும் சொல்கிறேன். என்னுடையது மூன்று அறை கொண்ட டயாஃப்ரம் பம்ப், நிமிடத்துக்கு 3000 சுற்று. குழாய் அதிர்கிறது என்று சைன் ஓட்டி வாங்கி மாட்டினேன். கீச்சொலி போய்விட்டது, அதிர்வு அப்படியே இருக்கிறது. ஓட்டி போலியாக இருக்குமோ?

பட்டறை:
ஓட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது, அதனால்தான் கீச்சொலி போனது. மூன்று அறைகளும் சுற்றுக்கு மூன்று முறை நீரைத் தள்ளுகின்றன. அது நொடிக்கு 150 துடிப்பு. அது பம்பின் பிறவிக் குணம், மின்னோட்டத்தை எந்த வடிவத்தில் கொடுத்தாலும் மாறாது. பம்பின் வெளிவாயில் அருகே மென்மையான சிலிக்கோன் குழாயைக் கொஞ்ச தூரம் விடுங்கள், அல்லது காற்றடைத்த சிறு தணிப்புக் கலத்தைப் பொருத்துங்கள்.

தளிர்ப்படம்:
நன்றி ஐயா. பூஜ்ஜியக் கோணத்தை மறுபடி அளந்துவிட்டு, `FOCModulationType::SinePWM` என்று மாற்றினேன். மின்விசை சொன்னபடி 40 கிலோஹெர்ட்ஸும் வைத்தேன். பெரிய உந்தல்கள் போய்விட்டன. ஆனால் நுணுக்கமான நடுக்கம் இன்னும் தெரிகிறது.

பட்டறை:
மிச்சமிருக்கும் நடுக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றின் வேகப் பதிவை வரைபடமாக எடுத்து, எத்தனை மேடுகள் என்று பாருங்கள். 12 பல்லுக்கும் 14 முனைக்கும் மீச்சிறு பொது மடங்கு 84. அந்த எண் வந்தால் அது காகிங்: இரும்புப் பற்களைக் காந்தம் இழுப்பது. கம்பியைக் கழற்றி வைத்துக் கையால் திருப்பினாலும் அது விரலில் தட்டுப்படும். சைன் அலையால் அதைத் தொட முடியாது. 42 வந்தால் மின்சாரப் பக்கம் தேடுங்கள். சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்றால் கோண உணரியின் காந்தம் மையம் விலகியிருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. கேமராவின் சமநிலையை வேண்டுமென்றே குலைத்து, அச்சையும் சற்றுச் சாய்த்து, மோட்டாருக்குச் சுமை கொடுங்கள். ஆறு படி முறையின் அலைவு, கொடுக்கும் முறுக்குவிசையில் ஒரு பங்கு என்பதால் சுமையோடு வளரும். காகிங் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சமநிலை சரியாக இருந்தால் பழைய நிரலிலேயே உங்களுக்குப் பாதிச் சிக்கல் இருந்திருக்காது.

தளிர்ப்படம்:
வரைபடத்தில் 84 தெளிவாகத் தெரிகிறது, சுமை ஏற்றியும் மாறவில்லை. கூடவே சிறிய அளவில் 42ம் இருக்கிறது. இப்போது ஓடுவது சைன் அலை. 42 எங்கிருந்து வருகிறது?

மின்விசை:
உணரியின் துல்லியம் போதாது என்று நினைக்கிறேன்.

பட்டறை:
உணரிப் பிழை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றுக்கு 42 என்று விழுவது அரிது. என் சந்தேகம் டெட் டைம் மேல். மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கடத்திவிடாமல் இருக்க விடும் அந்த இடைவெளி, வெளிவரும் மின்னழுத்தத்தில் ஒரு பிழையை விதைக்கிறது. மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் பிழையும் குறி மாறுவதால், ஒரு மின் சுழற்சிக்கு ஆறு துடிப்பு உண்டாகிறது. ஏழு இணைக்கு அது மறுபடி 42.

இடைவெளி 1 மைக்ரோவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 40 கிலோஹெர்ட்ஸ் என்றால் பிழை 0.48 வோல்ட். 20 கிலோஹெர்ட்ஸில் 0.24. கிம்பல் மெதுவாகத் திரும்பும்போது இரண்டு மூன்று வோல்ட்டில்தான் ஓடுகிறது. அதில் அரை வோல்ட் பெரிய தொகை. அதனால் இந்த இடத்தில் அதிர்வெண்ணை ஏற்றியது எதிர்த்திசையில் வேலை செய்திருக்கலாம். இறக்கிப் பாருங்கள்:

```
driver.pwm_frequency = 20000;
```

42 ஏறக்குறையப் பாதியானால் டெட் டைம்தான். அசையாமல் நின்றால், மோட்டாரின் எதிர் மின்னியக்கு விசையே சுத்தமான சைனாக இல்லை என்று பொருள். ரோட்டரை டிரில்லில் பிடித்துச் சுழற்றி, இரண்டு கம்பிகளுக்கு இடையே அலைக்காட்டியில் பார்த்தால் வடிவம் தெரிந்துவிடும்.

மின்விசை:
20க்கு இறக்கினால் கேமராவின் ஒலிவாங்கியில் ஏறாதா? நான் 40 சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டறை:
நியாயமான கவலை. சோதனைக்கு 20 போதும். நிரந்தரமாக வைப்பதற்குப் பழைய 25ஐயே வைத்துக்கொள்ளலாம்.

தளிர்ப்படம்:
20இல் 42 குறைந்திருக்கிறது, ஆனால் பாதியாகவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. டிரில் சோதனைக்கு அலைக்காட்டி கிடைத்ததும் படத்தைப் போடுகிறேன். 84க்கு, ஒவ்வொரு கோணத்திலும் தேவைப்படும் மின்னழுத்தத்தை மெதுவாக இரு திசையிலும் ஓட்டிப் பதிந்து, அந்த அட்டவணையை நிரலில் கூட்டலாம் என்று பார்க்கிறேன். 14 முனைக்கு இப்படிச் செய்து பார்த்தவர்கள், சுற்றுக்கு எத்தனை புள்ளிகள் வைத்தீர்கள்?