நீண்ட பிடிஎப் அறிக்கையிலிருந்து ஒரேயொரு அட்டவணை: எக்செலுக்கு எடுத்தவர்கள் சொல்லுங்கள்

கொட்டகலை:
2012 குடிசன மதிப்பீட்டு எண்கள் உள்ள நுவரெலியா மாவட்ட அறிக்கை ஒன்று, இருநூறு பக்கத்துக்கு மேல். எனக்கு வேண்டியது ஒரு அட்டவணை மட்டும்தான். பிரதேச செயலகப் பிரிவு, ஜீ.எஸ். பிரிவு, ஆண், பெண், மொத்தம் என்று ஐந்து நிரல். ஐந்து பக்கம் ஓடுகிறது. கொப்பி பண்ணி எக்செலில் போட்டால் எல்லாம் ஒரே நிரலில் கொட்டுகிறது. பிரிவு வாரியாகக் கூட்டிப் பார்க்கிற மாதிரி எப்படி எடுப்பது?

ஹப்புத்தளை:
நெட்டில் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் இருக்கே. முழு பிடிஎப்பையும் ஏற்றுங்கள், எக்செலாக வரும், வேண்டாத ஷீட்டை அழித்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஹட்டன்:
ஒரு பக்க அட்டவணைக்கு ஹப்புத்தளை அண்ணா சொல்வது சரிதான். ஐந்து பக்கம் ஓடினால் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு ஷீட் என்று வரும், தலைப்புக் கலங்கள் ஒட்டிக்கொண்டு வரும், ஒரு பக்கத்தில் ஐந்து நிரல் இன்னொன்றில் ஆறு என்று இருக்கும். கையால் ஒட்டும்போதுதான் ஆண் எண் பெண் நிரலுக்குப் போகிறது.

டீச்சர், முதலில் அட்டவணையில் ஓர் எண்ணை மவுசால் தெரிவு செய்து பாருங்கள். தெரிவாகிறது என்றால் உள்ளே எழுத்து இருக்கிறது. பக்கமே படமாகத் தெரிவானால் அது ஸ்கேன், வேறு வழி. அடுத்தது, தாளில் அச்சான பக்க எண்ணை நம்பவேண்டாம். முன்னுரைப் பக்கங்கள் சேர்வதால் 98 என்று அச்சானது பிடிஎப் கணக்கில் 112 ஆக இருக்கலாம். திரையின் மேலே காட்டும் எண்ணை எடுங்கள்.

விண்டோஸில் மைக்ரோசொப்ட் 365 இருந்தால் Data > Get Data > From File > From PDF. பட்டியலில் ஏதாவதொரு அட்டவணையைத் தெரிவு செய்து Transform Data கொடுத்து, வலப்பக்கம் Source என்ற படியில் நின்று மேலே உள்ள வரியை இப்படி மாற்றுங்கள்:

```
= Pdf.Tables(File.Contents("D:\report.pdf"),
  [Implementation="1.3", StartPage=112, EndPage=116,
   MultiPageTables=false])
```

இனி அந்த ஐந்து பக்கத்தை மட்டும்தான் அது வாசிக்கும். கடைசிச் சொல் இல்லாவிட்டால் அடுத்தடுத்த பக்கங்களை எக்செல் தானே ஒட்டிவிடும், எந்தப் பக்கத்தில் நிரல் பிசகியது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் திறந்து ஐந்து நிரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு Append பண்ணுங்கள்.

பதுளை:
எனக்கு எண்கள் நன்றாக வருகின்றன, பெயர்கள்தான் பாழ். "மாவட்டம்" என்ற இடத்தில் `khtl;lk;` என்று வருகிறது. கோப்பு பழுதா?

ஹட்டன்:
பழுதில்லை தம்பி. பாமினி எழுத்துருவில் செய்த அறிக்கை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துதான். பெயர் நிரலை மட்டும் பாமினி - யூனிகோட் மாற்றியில் போட்டால் சரியாகும். ஒன்று கவனம்: பாமினியில் புள்ளிக்கு `;` என்ற குறிதான். இடையில் CSV ஆகச் சேமித்து, அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துத் திறந்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் நிரல் உடையும். கமா வைத்தாலும் 1,245 உடையாமல் இருக்க மேற்கோள் குறி வேண்டும். Tab வைப்பதுதான் நிம்மதி.

தெல்தோட்டை:
கொழுந்து நிறுத்த துண்டுகளைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன், கையெழுத்து. இதே வழியில் எக்செலுக்கு வருமா?

ஹட்டன்:
வராது அண்ணா. அதில் எழுத்தே இல்லை, படம். அச்சடித்த ஸ்கேன் என்றால் `ocrmypdf -l eng --pages 112-116 in.pdf out.pdf` போட்டு எழுத்தடுக்கு ஏற்றிவிட்டு மேலே சொன்னதைச் செய்யலாம். கையெழுத்துத் துண்டைத் தட்டச்சு செய்வதே விரைவு.

கொட்டகலை:
வந்துவிட்டது, நன்றி. ஆனால் மொத்த நிரலைக் கூட்டினால் 2,134,932. மாவட்டத்தின் சனத்தொகையே 711,644 தானே!

ஹட்டன்:
மூன்றால் வகுத்துப் பாருங்கள், சரியாக 711,644. ஜீ.எஸ். பிரிவுகள் ஒரு தடவை, பிரதேச செயலகக் கூட்டுத்தொகை நிரைகள் ஒரு தடவை, மாவட்ட மொத்தம் ஒரு தடவை என்று எல்லாம் சேர்ந்து கூடியிருக்கிறது. அந்த நிரைகளை உடனே அழிக்கவேண்டாம். பிரதேச செயலகத்தின் பெயர் பெரும்பாலும் அந்தக் கூட்டுத்தொகை நிரையில் மட்டும்தான் இருக்கும். முதலில் வெற்றுக் கலங்களை `null` ஆக்கி Fill > Down கொடுங்கள்; வெறும் வெற்றுச் சரமாக இருந்தால் Fill Down அசையாது. பெயர் எல்லா நிரைக்கும் இறங்கிய பிறகு கூட்டுத்தொகைகளை வேறு ஷீட்டுக்கு எடுத்து வையுங்கள், சரிபார்க்கத் தேவைப்படும்.

அதன் பிறகும் கூட்டு ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை வாசியுங்கள், பிழை எங்கே என்று அதுவே காட்டும். ஏதோவொரு ஜீ.எஸ். பிரிவின் அளவுக்குக் குறைந்தால் பக்க எல்லையில் ஒரு நிரை விழுந்திருக்கிறது. ஸ்கேனில் 500 அல்லது 5,000 என்று கூடினால் 3 எங்கோ 8 ஆகியிருக்கிறது. 60, 600 என்றால் 1 ஐ 7 ஆக வாசித்திருக்கிறது.

அதிகம் ஏமாற்றுவது அடிக்குறிப்பு எண். 1,245 க்கு மேலே சிறிதாக 1 இருந்தால் 1,2451 என்று வரும், எண்ணாக மாற்றினால் சத்தமில்லாமல் 12451. வித்தியாசம் 11,206. அதில் ஒன்றைக் கழித்து ஒன்பதால் வகுத்தால் 1,245, அந்த நிரையே கிடைக்கிறது. குறிப்பு எண் 2 என்றால் இரண்டைக் கழியுங்கள். எண்ணாக மாற்றுவதற்கு முன்பே கமாவுக்குப் பின் நாலு இலக்கம் உள்ள கலங்களைத் தேடினால் இந்தக் கணக்கும் வேண்டாம். பிறகு பக்கத்து நிரலில் `=C2+D2=E2` இறக்குங்கள். FALSE வரும் நிரையை மட்டும் பிடிஎப்போடு ஒப்பிட்டால் போதும்.

ஹப்புத்தளை:
ஆண், பெண், மொத்தம் மூன்றும் ஒத்துப்போனால் பிறகு கவலையில்லை என்று சொல்லலாமா?

ஹட்டன்:
அப்படி இல்லை. பெயர் நீளமாகி இரண்டு வரியானால் பெயரின் பாதி தனி நிரையாகும், எண்கள் மற்றப் பாதியோடு நிற்கும். கூட்டு சரியாகவே வரும், பெயர்தான் பிழை. எண் நிரல் `null` ஆன நிரைகளை வடிகட்டினால் அவை வெளியே வரும். ஜீ.எஸ். இலக்கமும் எடுப்பதென்றால் அந்த நிரலை Text ஆகவே வையுங்கள், முன்னால் உள்ள சுழியம் போகாது.

பதுளை:
இந்த அட்டவணையில் பிரதேச செயலகப் பிரிவு ஐந்துதானே. நோர்வூட், தலவாக்கலை எல்லாம் பிறகு பிரிந்தவை. புதிய அறிக்கையோடு எப்படிச் சேர்ப்பது?

ஹட்டன்:
பழைய ஜீ.எஸ். பிரிவு இப்போது எந்தச் செயலகத்தில் என்று ஒரு பட்டியல் செய்து இணைக்கலாம். ஆனால் ஜீ.எஸ். பிரிவே இரண்டாகப் பிளந்த இடத்தில் 2012 எண்ணை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு என்னிடம் நம்பகமான வழி இல்லை. நான் பழைய எல்லைக்கே புதிய எண்களைக் கூட்டி வைக்கிறேன்.

கொட்டகலை:
தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிய எல்லையில்தான் கேட்கிறார்கள். வேறு யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.